பார்க்காமல் போட்ட ஆறு கையெழுத்து

நான் போட்ட ஆறு கையெழுத்துகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. மற்ற நாற்றமெல்லாம் மூக்குக்குப் பழகிவிடும். அது என் பிழைப்பு. இது மட்டும் பழகவில்லை.

பிழைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங். ஊரில் யாராவது கேட்டால் கம்பெனியில் வேலை என்பேன். கக்கூஸ் கழுவுகிறேன் என்று சொன்னால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார யோசிப்பார்கள். அங்கே ஒவ்வொரு கழிப்பறைக் கதவின் பின்னாலும் ஓர் அட்டை தொங்கும். மணிக்கு ஒரு கட்டம். கழுவி முடித்ததும் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் காலையில் வந்ததுமே சாயங்காலம் வரைக்கும் உள்ள கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிடுவோம். சூப்பர்வைசருக்கும் தெரியும், அவரும் அடியில் ஒரே மூச்சில் கிறுக்குவார். கட்டம் நிரம்பியிருந்தால் இடம் சுத்தம் என்று கணக்கு. அப்படிப்பட்ட கைக்குத்தான் பள்ளிக்கூடத்தின் பேனாவும் வந்து சேர்ந்தது.

எங்கள் ஊர் வள்ளூருக்கும் அப்பால். கொடியில் காயும் துணியை உதறித்தான் மடிக்க வேண்டும், அனல்மின் நிலையத்திலிருந்து அவ்வளவு சாம்பல். ஊருக்கு ஒரே ஒரு நடுநிலைப்பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. என் மகள் அப்போது ஏழாவது. ஒருநாள் பெற்றோர் எல்லாரும் வர வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்கிறோம் என்று சீட்டு வந்தது. போனேன். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டுமாம், பாதிக்குப் பாதி பெண்கள் வேண்டுமாம், தலைவர் பதவி அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் தாய்க்குத்தானாம். தலைமையாசிரியை கூட்டிச் சேர்க்கிறவர் மட்டும். வார்டு உறுப்பினருக்கு ஓர் இடம், ஆசிரியர்களில் ஒருவருக்கு ஓர் இடம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, பெற்றோர் கையில்தான் பள்ளி என்று. கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது.

தேர்ந்தெடுத்தது பெற்றோர் இல்லை. பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, முன்கூட்டியே ஒரு தாளில் பெயர்களை எழுதிவைத்திருந்தார். வாசிக்க வாசிக்க எல்லாரும் கை தட்டினோம். நான் பிளஸ் டூ வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஷிப்ட் வேலைக்குப் போகிறவள், வாயைத் திறக்க நேரமிருக்காது. தலைவி ஆனேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் தாய் துணைத்தலைவி ஆனாள். அவள் மகனுக்கு நடக்க வராது, இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். பெற்றோர் பட்டியலில் மளிகைக்கடை அண்ணாச்சியும் இருந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் பஸ் ஏறி இங்கிலீஷ் மீடியம் போகிறவர்கள். இந்தப் பள்ளியில் படிக்காத பிள்ளையின் அப்பா எப்படிப் பெற்றோர் ஆனார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எனக்குச் சால்வை போட்டிருந்தார்கள்.

மாதக் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் இந்தப் பக்கத்துப் பெண்களில் எவள் சும்மா இருப்பாள்? ஒருத்தி இறால் கம்பெனியில், ஒருத்தி யார்டில், ஒருத்தி ஆஸ்பத்திரி ஆயா. அதனால் கூட்டம் நடக்காது, கூட்டப் புத்தகம் மட்டும் நடக்கும். பிள்ளையைக் கூப்பிட வருகிறவளை வாசலில் நிறுத்தி, மதில்மேல் புத்தகத்தை விரித்து, இங்கே போடும்மா என்று பெரிய டீச்சர் விரல் வைத்துக் காட்டுவார். நாலு பேர் சேர்ந்தால் நிற்கவைத்து ஒரு போட்டோ. அதுவே கல்வித்துறையின் போன் ஆப்பில் கூட்டத்தின் படமாக ஏறிவிடும். எனக்கு அந்த வாசல் சிரமமும் கிடையாது. புத்தகத்தை ஒரு துணிப்பையில் போட்டு என் மகளிடமே கொடுத்தனுப்புவார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும், நான் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் தேடி ஒரு கையெழுத்துப் போடுவேன். என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, நான் படித்ததில்லை.

கார்த்திகை மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல். முதுகும் அடிவயிறும் வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். அதற்கு முன்பே ஒன்று கவனித்திருந்தேன். காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். தூக்கிச் சுமக்கத்தான் தண்ணியா என்று திட்டியிருக்கிறேன். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அவள் சொன்னபோதுதான் பயந்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போகிறாயா என்று மகளிடம் கேட்டார். மகள் தரையைப் பார்த்தாள். திரும்பத் திரும்பக் கேட்டபிறகு, காலை எட்டரைக்கு வீட்டில் போனால் மறுபடி சாயங்காலம் வீட்டில்தான் என்றாள். அந்த மூன்று நாட்களில் பள்ளிக்கே போவதில்லை, வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொள்வேன் என்றாள். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கிறது, இன்னும் இரண்டு தடவை இப்படி வந்தால் கெட்டுப்போகும் என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னார். பிறகு கோபமாகவே கேட்டார்:

“எல்லா ஸ்கூல்லயும் பேரன்ட்ஸ் கமிட்டி இருக்கேம்மா. உங்க ஊர்ல யாரு தலைவி? அவளப் போய் நாலு கேள்வி கேளுங்க.”

நான் தலையை ஆட்டினேன். சரிங்க டாக்டர் என்றுகூடச் சொன்னேன். என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நிமிடம் என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொண்டிருந்தால் தகும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். நேராகப் பின்பக்கம். பெண் பிள்ளைகளுக்கு மூன்று கழிப்பறை. ஒன்றில் பூட்டு, டீச்சர்களுக்கு. ஒன்றில் கூரை வரைக்கும் உடைந்த பெஞ்சு. மிச்சம் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மோட்டார் பழுதாகிக் குழாயில் தண்ணீர் இல்லை. கழுவுகிறவளைப் பஞ்சாயத்தில் வேறு வேலைக்கு மாற்றி எத்தனையோ மாதமாம். பன்னிரண்டு வருடமாகக் கக்கூஸ் கழுவுகிறவள் நான். வாந்தி எடுத்தேன். மலம் தொட்டிக்கு வெளியே, வாசற்படி வரைக்கும், காய்ந்ததன்மேல் காயாதது. மூலையில் பழைய துணிகள் புழுத்துக் கிடந்தன. சுவரில் சின்னச் சின்னக் கைத்தடங்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால் பிடித்துக்கொள்ள, இன்னொரு கையைச் சுவரில் ஊன்றியிருக்கிறார்கள் பிள்ளைகள். த்தூ, நாமெல்லாம் ஒரு தாயா என்று இருந்தது.

பெரிய டீச்சர் மேசைக்குப் போய் நின்று கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. அலமாரியைத் திறந்து கூட்டப் புத்தகத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஆறு மாதம், ஆறு பக்கம். ஒவ்வொன்றிலும் அதே வரி: ‘மாணவியர் கழிப்பறைகள் தூய்மையாகவும் பயன்பாட்டிலும் உள்ளன எனக் குழு பார்வையிட்டு உறுதி செய்தது.’ அடியில் முதல் கையெழுத்து, முத்து முத்தாக, என்னுடையது.

“நீங்கதானேம்மா தலைவி? நீங்க பார்வையிட்டதா இருக்கு,” என்றார். பிறகு குரலை இறக்கி, கொஞ்சம் அலுப்போடு, உண்மையைச் சொன்னார். “குறைன்னு எழுதினா, இவ்வளவு நாள் நீ என்ன பண்ணுனேன்னு எனக்குத்தான் மெமோ வரும். குறையில்லன்னு எழுதினா யாரும் வரமாட்டாங்க.”

யாரும் வரமாட்டார்கள் என்பது எவ்வளவு சரி. நானே வரவில்லையே. குறை என்று எழுதினால்தான் மேலிருந்து ஆள் வரும், ஆள் வந்தால்தான் மோட்டார் வரும். மோட்டார் வராமல் காத்தது என் பேனா. பெரிய டீச்சர்மேல் வந்த அருவருப்பில் பாதி என்மேலேயே திரும்பி விழுந்தது. அவரையாவது திட்ட ஆள் இருக்கிறது, மெமோ கொடுக்க ஆபீஸ் இருக்கிறது. என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அந்த மாதக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்க வேலை முடிந்து வீடு வீடாக ஏறினேன். அரை நாள் லீவு போடு, நானும் போடுகிறேன் என்று ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சினேன். சிலர் கதவைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. பதவி வந்ததும் ஆட்டம் பார் என்று ஒருத்தி உள்ளேயிருந்து சொன்னது காதில் விழுந்தது. துணைத்தலைவி வீட்டில் மட்டும் நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் அழுதுவிட்டாள். தினமும் இரண்டு தடவை பள்ளிக்கு வந்து மகனை வீட்டுக்குத் தூக்கிப்போய் ஒன்றுக்கு விட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறாளாம். அதற்காகவே வேலைக்குப் போகாமல் இருக்கிறாளாம். எல்லாம் தெரிந்தும் அவளும் ஆறு தடவை கையெழுத்துப் போட்டிருந்தாள். நான் சொன்னா யாரு கேப்பாங்கக்கா என்றாள். நான் தலைவி, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பெற்றோரில் பதினொரு பேர் வந்தார்கள். அதுவரை அந்த அறையில் அத்தனை பேர் உட்கார்ந்ததே இல்லை, நாற்காலி போதவில்லை. தீர்மானம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது, கூட்டம் தொடங்கும் முன்பே. முதலில் போய்ப் பார்ப்போம், பிறகு எழுதுவோம் என்றேன். எல்லாரும் பின்பக்கம் நடந்தோம். வார்டு உறுப்பினர் பாதி வழியில் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் எழுதினா ஊர் பேருல்லா கெட்டுப்போவும் என்றார். ஊர் பேரைப் பற்றி அவருக்கு என்ன கவலையோ, அவர் பிள்ளைகள் போகிற பள்ளியில் டைல்ஸ் போட்ட பாத்ரூம். உங்க பையன் இங்க எந்த கிளாஸ் அண்ணாச்சி என்று இறால் கம்பெனிக்காரி மெதுவாகக் கேட்டாள். அவர் கடையில் ஆள் இல்லை என்று கிளம்பிப் போய்விட்டார். அடுத்த கூட்டத்தில் அவர் இடத்துக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருத்தியைப் பெற்றோரே சொல்லிப் போட்டார்கள்.

அறைக்குத் திரும்பியதும் பெரிய டீச்சர் வழக்கம்போலப் புத்தகத்தைத் தள்ளி விரல் வைத்தார். அப்போது வாய் திறந்தவள் துணைத்தலைவிதான், நான் இல்லை.

“மேல இன்னா எழுதிகீதுன்னு படிச்சுக் காட்டு டீச்சர். அப்பால போடறோம்.”

பெரிய டீச்சர் படித்தார். தூய்மையாகவும் பயன்பாட்டிலும் என்ற இடம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது. யாரும் கத்தவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே புதிதாக எழுதுங்கள் என்றேன். ஒன்று பூட்டியிருக்கிறது, ஒன்றில் பெஞ்சு, ஒன்றில் தண்ணீர் இல்லை தாழ்ப்பாள் இல்லை, கழுவ ஆள் இல்லை, நடக்க முடியாத பிள்ளைக்குச் சறுக்குப்பாதை இல்லை. தனித்தனியாக, இன்னின்னது யார் செய்ய வேண்டும் என்றும் எழுதவைத்தோம். பூட்டும் பெஞ்சும் பள்ளி, தண்ணீரும் ஆளும் பஞ்சாயத்து. நாறும் படத்தோடேயே ஆப்பில் ஏற்றினார்கள். அதே தீர்மானத்தின் நகலை ஒருத்தி கிராம சபையில் கொண்டுபோய் வாசித்தாள். மூக்கை மூடிய வார்டு உறுப்பினர் அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மெமோ வந்தது. அதன் பின்னாலேயே வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். அடுத்த கூட்டத்தில், பெற்றோர், ஆசிரியர் எல்லாரும் இருக்க, அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பெரிய டீச்சரைக் கேட்பார் என்று இருந்தேன். என்னைக் கேட்டார்.

“ஆறு மாசம் சுத்தம்னு கையெழுத்து. ஏழாவது மாசம் இப்படி ஒரு தீர்மானம். எதும்மா பொய்?”

தப்பிக்க வழி இருந்தது. இந்த மாதம்தான் கெட்டுப்போனது சார் என்று சொன்னால் எனக்கும் மரியாதை, பெரிய டீச்சருக்கும் மரியாதை. டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்படிச் சொல்லிவிடுவேன் என்று. ஆஸ்பத்திரியில் தரையைப் பார்த்த என் மகளின் முகம் வந்தது.

“முன்னாடி போட்ட ஆறும் பொய் சார். பாக்காமயே போட்டேன்.”

அதை எழுதிக் கொடுங்கள் என்றார் அலுவலர். எழுதினேன். துணைத்தலைவி கேட்காமலேயே பேனாவை வாங்கித் தன் பெயரையும் சேர்த்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. கைநாட்டு வைக்கிறவள்கூட வைத்தாள். நாங்கள் பொய் என்று எழுதிக்கொடுத்ததும்தான் பெரிய டீச்சரிடம் கேள்வி போனது. பொய்யை எழுதியது யார், கூட்டம் நடந்ததா, போட்டோ எங்கே எடுத்தது? எங்கள் கையெழுத்து அதுவரை அவருக்குக் குடையாக இருந்திருக்கிறது. அன்றைக்கு மடக்கிவிட்டோம்.

அதன் பிறகு நடந்ததைப் பெருமையாகச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். டீச்சர்களின் பூட்டு கழன்றது, பெஞ்சு ஏலத்துக்குப் போனது, மோட்டார் வந்தது. கழுவுகிற அம்மாவைப் பஞ்சாயத்து திருப்பி அனுப்பியது. சறுக்குப்பாதை போட்டுப் பிடிகம்பி வைத்தார்கள், துணைத்தலைவியின் மகன் சக்கர நாற்காலியில் போகிறான். இதெல்லாம் இத்தனை சுலபம் என்றால் எதற்கு இத்தனை நாள் என்பதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். யார்டில் பார்த்த அட்டையையே நான் இங்கும் கொண்டுவந்தேன். வாரத்துக்கு இரண்டு தாய்மார், சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஒரு நேரத்தில் போய்ப் பார்த்துக் கதவின் பின்னால் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வாரம் நானே போட்டேன். யார்டிலும் அன்றிலிருந்து மணிக்கு ஒரு கட்டம்தான் போடுகிறேன். சூப்பர்வைசர் என்னைப் பைத்தியம் என்கிறார்.

எல்லாம் சரியாகி ஒரு மாதம் ஆகியும் என் மகளின் பாட்டில் நிறைந்தே வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரைக் கூட்டி, ஆபீசர் முன்னால் அவமானப்பட்டு, எல்லாம் யாருக்காக? கேட்டேவிட்டேன்.

“அதான் இப்ப சுத்தமா கீதே, அட்டைகூட மாட்டி வெச்சிருக்கோமே. போறதுக்கு இன்னா?”

அவள் பாட்டில் மூடியைத் திருகினாள்.

“அந்த அட்டையில உன் கையெழுத்துதானம்மா கீது,” என்றாள். “பைல புக்கு எடுத்துனு வரும்போது நான் படிச்சுப் பாப்பேன். சுத்தமா கீதுன்னு எழுதியிருக்கும். நீயும் போடுவே. உனக்குத் தெரிஞ்சுதான் போடறேன்னு நெனச்சேன்.”

ஆறு மாதம் அவள் அதைச் சுமந்து வந்திருக்கிறாள். கழிப்பறை பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாததற்குக் காரணம் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவே சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு யாரிடம் சொல்வாள்?

அடுத்த கூட்டத்தில் நான் ஒன்று கேட்டேன். அட்டையில் தாய்மார் கையெழுத்து வேண்டாம், டீச்சர் கையெழுத்தும் வேண்டாம். அந்தக் கழிப்பறைக்குப் போகிற பெண் பிள்ளைகளே வாரத்துக்கு இரண்டு பேர் போடட்டும். சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுதட்டும். நாம் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தில் ஏற்றுவோம். சின்னப் பிள்ளைகள் எழுதுவதை வைத்து என்னை மெமோ வாங்கவைப்பீர்களா என்று பெரிய டீச்சர் முகம் சுளித்தார். பதினொரு பேர் கை தூக்கினோம். தீர்மானத்தை வாசித்துக் காட்டியபிறகு கையெழுத்துப் போட்டோம்.

மூன்றாவது வாரம் என் மகளின் முறை. சனிக்கிழமை நான் போய் அட்டையைப் பார்த்தேன். திங்கள், செவ்வாயில் அவள் பெயர். புதன் கட்டத்தில் பெயர் இல்லை. ‘தண்ணி வரல. மோட்டார் போடல’ என்று பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தாள். யாரோ அதை அழிக்கப் பார்த்து முடியாமல் விட்டிருந்தார்கள். வியாழனிலும் வெள்ளியிலும் அவள் பெயர் இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோன பாட்டில் இன்னும் அவள் பைக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். கால்வாசி குறைந்திருந்தது.